சூட்கேஸில் வந்த மிச்சக் குளிசைகள்: வன்னியில் குடியேறுவோருக்கு

கனடாவிலோ லண்டனிலோ இருந்துவிட்டு வன்னிக்குக் குடியேற வருகிறவர்களின் சூட்கேஸில் ஒரு மருந்துப் பை கட்டாயம் இருக்கும். தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்புகிறவர்களும் அப்படித்தான். அதில் எப்போதோ பல்வலிக்கு எழுதித் தந்த அமொக்சிசிலின் பாதி அட்டை, பேர் எழுதாத உறையில் நாலைந்து குளிசைகள் என்று எதாவது கிடக்கும். "இஞ்சை ஆஸ்பத்திரி தூரம், அவசரத்துக்கு உதவும்" என்று நாமும் பத்திரப்படுத்துவோம். அந்தப் பையை மழைக்காலம் தொடங்க முன்னம் ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.

பரந்தன் பக்கத்தில் எங்கள் மாமிக்கு நடந்ததைச் சொல்கிறேன். மார்கழி மழை. வியாழக்கிழமை காய்ச்சல், உடம்பு உளைவு, கண்ணுக்குப் பின்னால் வலி. வெள்ளி இரவு, மகள் கொண்டுவந்த அமொக்சிசிலின் 500 மில்லிகிராம் அட்டையில் 9 குளிசை மிச்சம் இருப்பது நினைவுக்கு வந்தது. அன்றிரவு ஒன்று, சனி மூன்று, ஞாயிறு காலை ஒன்று. ஞாயிறு மத்தியானம் காய்ச்சல் விட்டது. "பாத்தியே, மருந்து பிடிச்சிட்டுது" என்று மாமி சோறு கேட்டா. திங்கள் விடிய வயிற்று நோ, விடாத வாந்தி, கைகால் சில்லென்று இருந்தது. சலம் போய்ப் பல மணிநேரம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். டெங்கு. இரத்தத்தில் பிளேட்லெட் 38,000. ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்கவேண்டியது. சேலைன் அளந்து அளந்து ஏற்றி, நாளுக்குப் பலதரம் இரத்தம் பார்த்துத்தான் காப்பாற்றினார்கள்.

மாமியை ஏமாற்றியது காய்ச்சல் விட்ட அந்த மத்தியானம்தான். டெங்கு வைரசால் வருகிறது. அமொக்சிசிலின் பக்டீரியாவைத்தான் கொல்லும், வைரசை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் தானாகவே விட்டது. டெங்குவில் பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் அப்படி விடும். ஆபத்துத் தொடங்குவதும் அப்போதுதான்: சிலருக்கு இரத்தக் குழாய்களில் இருந்து நீர்ப்பகுதி வெளியே கசியும், இரத்தம் தடிக்கும், அழுத்தம் விழும். அந்தக் கட்டம் ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். மிச்சக் குளிசை போட்டவர் அந்த நாட்களைச் சுகமான நாட்கள் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுகிறார்.

ஆகவே இங்கே காய்ச்சல் வந்தால் முதல் வேலை, தொடங்கிய நாளை எழுதிவைப்பது. பரசிட்டமோல் மட்டும், அதுவும் சொன்ன அளவில். இபுபுரோபன், டைக்குளோபினாக் போன்ற நோக்குளிசைகள் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும், தொடவேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் ஓபிடிக்குப் போய் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அரச ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அதுவரை காத்திருக்கக் கூடாது. வயிற்று நோ, தொடர் வாந்தி, முரசில் இரத்தம், அயர்வு, ஆறு மணிநேரம் சலம் போகாமை: இதில் ஒன்று வந்தாலும், காய்ச்சல் விட்டிருந்தாலும், உடனே போங்கள்.

எல்லாக் காய்ச்சலும் டெங்கு அல்ல. வயல் சேற்றில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். அது பக்டீரியாதான், அன்டிபயோட்டிக் கேட்கும். ஆனால் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டொக்டர் தீர்மானிக்கவேண்டும். நாலைந்து குளிசையை முன்னமே விழுங்கிவிட்டால் காய்ச்சல் அரைகுறையாக அமுங்கும், இரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் சோதனையிலும் கிருமி தெரியாமல் போகலாம். போட்டுவிட்டால் மறைக்காதீர்கள், பேர், எத்தனை, எப்போது என்று சொல்லி, அட்டையையும் கொண்டுபோங்கள். அயலவருக்குக் கொடுப்பதும் வேண்டாம். அமொக்சிசிலினும் பெனிசிலின் வகைதான்; அவருக்குப் பெனிசிலின் ஒவ்வாமை இருக்கிறதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, மிச்சத்தை என்ன செய்வது? இங்கே கைப்பழக்கம், குப்பையோடு வளவில் கொளுத்துவது அல்லது மலசலகூடத்தில் போடுவது. இரண்டும் வேண்டாம். கொளுத்தினால் அட்டையின் பிளாஸ்டிக்கும் மருந்தும் புகையாகி வரும். குழிக்குள் போட்டால் நிலத்தடி நீரில் கசியும்; அதே வளவுக் கிணற்றில்தான் குடிக்கிறோம். குளத்தில் எறிந்தாலும் இதே கதைதான்.

முதலில் ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவிலோ பாமசியிலோ திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். எடுக்காவிட்டால் குளிசைகளை அட்டையில் இருந்து பிரித்து, நசுக்காமல், தேயிலைச் சக்கையோடோ மண்ணோடோ பிசைந்து, பையில் இறுகக் கட்டி, பிரதேச சபைக் குப்பை ட்ராக்டரில் போடுங்கள். சக்கையோடு கலந்தால் பிள்ளையோ நாயோ கோழியோ கிளறித் தின்னாது. ட்ராக்டர் வராத ஊர் என்றால் கட்டிய பையைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, அடுத்தமுறை டவுனுக்குப் போகும்போது கொண்டுபோங்கள். உறையில் பேர் இருந்தால் கிழித்துவிடுங்கள்.

மாமியின் அட்டையில் மிஞ்சிய நாலு குளிசையையும் அவ ஆஸ்பத்திரியால் வந்த கிழமையே அப்படித்தான் அனுப்பினோம். தேயிலைச் சக்கையை மாமியே தந்தா.