விளம்பரமும் லேண்டிங் பக்கமும் பொருந்துகின்றனவா: கணக்குப் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே லேண்டிங் பக்கத்துக்கு மூன்று விதமான விளம்பரங்கள் ஆட்களை அனுப்பும்போது, எந்த விளம்பரத்தின் பேச்சு பக்கத்தின் பேச்சோடு ஒட்டவில்லை என்பதைக் கண்டறியப் பலரும் முதலில் பார்ப்பது, கிளிக் செய்தவர்களில் எத்தனை பேர் பக்கத்துக்கு வந்து சேரவில்லை என்ற எண்ணைத்தான். பெரும்பாலான தவறான முடிவுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

குடிநீர் சுத்திகரிப்பான் விற்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பக்கத்தின் தலைப்பு ‘ஏழு கட்டச் சுத்திகரிப்பு’. அதன் கீழே முழு விலை 14,000 ரூபாய். ஃபேஸ்புக்கில் ஓடும் விளம்பரங்களில் ஒன்று மாதத் தவணையையும், இன்னொன்று உப்புத் தண்ணீரையும், மூன்றாவது 24 மணி நேரத்தில் வந்து பொருத்தித் தருவதையும் சொல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1,000 கிளிக். அவற்றில் பக்கம் திறந்து பதிவானவை தவணைக்கு 780, உப்புக்கு 800, பொருத்துதலுக்கு 520. பத்து வினாடிக்கு மேல் தங்கியவர்கள் முறையே 300, 440, 290.

மேலோட்டமாகப் பார்ப்பவர் பொருத்துதல் விளம்பரத்தையே குற்றம் சொல்வார். கிளிக் செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வழியிலேயே காணாமல் போயிருக்கிறார்கள் அல்லவா? ஆனால் பக்கத்தையே பார்க்காத ஒருவர், பக்கத்தின் வாசகம் பிடிக்காமல் திரும்பியிருக்க முடியாது. Link clicks, Landing page views என்ற இரண்டு எண்களுக்கும் இடையிலான இழப்பு மெதுவாகத் திறக்கும் பக்கம், கைதவறிப் பட்ட கிளிக், வருகையைப் பதியும் பிக்சல் நிரல் ஓடாமல் போவது போன்றவற்றால் வருவது. இந்த விளம்பரம் மட்டும் Audience Network வழியாகப் பிற செயலிகளுக்குள் அதிகம் காட்டப்பட்டிருந்தால், விளையாட்டுக்கு நடுவே விரல் பட்டு வந்த கிளிக்குகளே அந்த எண்ணைக் கெடுத்திருக்கும். ஆகவே விளம்பரம் காட்டப்பட்ட இடம், பார்த்தவரின் சாதனம் ஆகிய இரண்டையும் பிரித்து, ஒரே இடத்துக்குள் மட்டும் கருப்பொருள்களை ஒப்பிட வேண்டும்.

வாசகப் பொருத்தம் தெரிவது அடுத்த படியில். பக்கம் திறந்தவர்களை அடிப்படையாக வைத்து வகுத்தால், பொருத்துதலில் 56 சதவீதம் பேரும் உப்பில் 55 சதவீதம் பேரும் தங்கியிருக்கிறார்கள். தவணையில் 38 சதவீதம் பேர்தான். கிளிக்கை அடிப்படையாக வைத்தால் தவணை 30, பொருத்துதல் 29 என்று இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்து உண்மையை மறைத்துவிடும். மாதத் தவணையை நம்பி வந்தவரின் கண்ணில் முதலில் பட்டது 14,000 என்ற தொகை. தவணை விவரமோ நான்கு திரை தள்ளிக் கீழே இருக்கிறது.

இந்தப் படியை அளக்கும் கருவியிலும் ஒரு பொறி உண்டு. கூகுள் அனலிட்டிக்ஸ் 4 தானாகப் பதியும் scroll நிகழ்வு, பக்கத்தின் 90 சதவீதத்தைக் கடந்தால்தான் எழும். முதல் திரையிலேயே திரும்பியவரையும் பாதி வரை படித்தவரையும் அது வேறுபடுத்திக் காட்டாது. பத்து வினாடி அளவுகோலே இங்கே பயன்படும். அதையும் கருப்பொருள் வாரியாகப் பிரிக்க, ஒவ்வொரு விளம்பர இணைப்பிலும் தனி அடையாளம் இருக்க வேண்டும்:

```
?utm_source=facebook&utm_medium=paid&utm_content=emi
```

இணைப்பு நடுவில் வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டால் இந்த வால் அறுந்துபோவதுண்டு. விளம்பரத்தின் முன்னோட்டத்திலிருந்து நீங்களே கைபேசியில் தட்டி, பக்கம் திறந்த பின்னும் முகவரியில் அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிழை தவணையில் என்று தெரிந்ததும் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு ஓய்வது அடுத்த தவறு. தலைப்பில் ‘மாதத் தவணையில்’ என்று எழுதி, கீழே முழு விலையையும் ‘இப்போதே வாங்குங்கள்’ என்ற பொத்தானையும் அப்படியே விட்டால், ஏமாற்றம் இரண்டு வரி தள்ளி வரும், அவ்வளவுதான். விளம்பரத்தில் சொன்ன அதே மாதத் தொகை, எத்தனை மாதம், முன்பணம் உண்டா, எந்த அட்டைகளுக்குச் செல்லும் ஆகிய நான்கும் முதல் திரையிலேயே இருக்க வேண்டும். பொத்தானும் ‘தவணை விவரம் பார்க்க’ என்று இருப்பது நல்லது. முழு விலையை ஒளிக்க வேண்டியதில்லை, இரண்டாவதாகக் காட்டினால் போதும்.

மாற்றிய பக்கத்தின் பலனை இந்த மாத எண்ணையும் போன மாத எண்ணையும் வைத்து ஒப்பிடாமல், தவணை விளம்பரத்தில் வருபவர்களை மட்டும் ஒரே காலத்தில் இரு பாதியாகப் பிரித்து, பழைய பக்கத்துக்கும் புதிய பக்கத்துக்கும் அனுப்புங்கள். தங்குவோர் பங்கு 38இலிருந்து 50ஐத் தாண்டினால் குறை வாசகத்தில்தான் இருந்திருக்கிறது. தங்குவோர் கூடியும் படிவம் நிரப்புவோர் கூடவில்லை என்றால், பக்கத்தை மேலும் திருத்திக்கொண்டிருக்காமல் தவணையின் நிபந்தனைகளைத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும்.