இரவில் டாக்டரை அழைக்கப் புதிய நர்ஸைப் பழக்குவது எப்படி?

படிப்பை முடித்து வார்டுக்கு வரும் நர்ஸுக்கு ஊசி போடவும் கட்டு மாற்றவும் ஓரளவு தெரிந்திருக்கும். நோயாளி நலிந்து வருவதைக் கண்டுகொண்டு, இரவு 2 மணிக்கு டியூட்டி டாக்டரை அழைத்துத் தெளிவாகச் சொல்வதுதான் கைவராது. புதியவர்களைப் பழக்கும் மூத்த நர்ஸாக, முதல் மூன்று மாதங்களில் நான் அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான்.

படி 1: மூச்சை எண்ண வையுங்கள்

எல்லாப் படுக்கைக்கும் மூச்சு 20 என்று எழுதியிருந்தால், யாரும் எண்ணவில்லை என்று பொருள். உடல்நிலை சரியத் தொடங்கும்போது முதலில் மாறுபவற்றில் மூச்சும் ஒன்று. அதனால் முதல் இரண்டு வாரங்கள் நானும் புதியவரும் ஒரே நோயாளிக்குத் தனித்தனியாக ஒரு முழு நிமிடம் எண்ணி ஒப்பிடுவோம். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே மார்பைக் கவனிக்க வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும்.

படி 2: அழைக்கும் முன் நான்கு வரி எழுத வையுங்கள்

ஓர் இரவு, குடல் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த நோயாளிக்காக ஒரு புதிய நர்ஸ், “சார், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கிறார்” என்றார். “காலையில் பார்க்கிறேன்” என்று பதில் வந்தது. அவரை உட்கார வைத்து எழுதச் சொன்னேன்.

நிலைமை: மூச்சு 26, நாடி 118, ரத்த அழுத்தம் 94/60.
பின்னணி: குடல் அறுவை, இரண்டாம் நாள், எடை 60 கிலோ.
என் கணிப்பு: இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் 35 மில்லிதான், கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்ற கணக்கில் 60 வந்திருக்க வேண்டும். ரத்தக் கசிவோ தொற்றோ இருக்கலாம் என்று அஞ்சுகிறேன்.
கேட்பது: உடனே வந்து பாருங்கள்.

இதைப் படித்துச் சொன்னதும் டாக்டர் வந்தார். கடைசி வரியைச் சொல்லத்தான் புதியவர்கள் மிகவும் தயங்குகிறார்கள். என்னை டாக்டராக வைத்து அதை மட்டும் பலமுறை சொல்லிப் பழகச் சொல்கிறேன்.

படி 3: தொலைபேசியைப் பிடுங்காதீர்கள்

அவர் பேசும்போது பக்கத்தில் நில்லுங்கள். தடுமாறினால் தாளில் விரலை வைத்துக் காட்டினால் போதும். நீங்கள் வாங்கிப் பேசிவிட்டால், அடுத்த முறையும் உங்களைத்தான் தேடுவார். நோயாளிக்கு ஆபத்து நெருங்கினால் மட்டும் தயங்காமல் வாங்கிப் பேசுங்கள். டாக்டர் மருந்து சொன்னால், பெயரையும் அளவையும் எழுதித் திரும்பப் படித்துக்காட்டிய பிறகே அழைப்பை முடிக்க வேண்டும்.

படி 4: தனியாக விட்டபின் குறிப்பேட்டைப் பாருங்கள்

மறுநாள் காலை நான் தேடுவது மூன்று: அழைத்த நேரம், டாக்டர் சொன்னது, அதன்பின் மீண்டும் மூச்சை எண்ணிய நேரம். மூன்றாவது இல்லையென்றால் அன்றே அவருடன் படுக்கையருகே போய்விடுகிறேன்.