‘ன்னு’வுக்கு முன்னால் வெட்டாதீர்கள்: பாட்காஸ்டிலிருந்து கிளிப் எடுக்கும்போது நேரும் தவறுகள்

எங்கள் பாட்காஸ்டில் தஞ்சாவூர் வீணை செய்யும் பெரியவர் ஒருவரோடு 52 நிமிடம் பேசி வெளியிட்டோம். மறுநாள் அதிலிருந்து ஒரு வரியை எடுத்து, அவர் படத்தோடு மேற்கோள் அட்டையாகப் போட்டேன். “பலாவை விட்டால் வீணைக்கு வேறு மரமே கிடையாது.” அட்டை நன்றாகவே சுற்றியது. மாலையில் பெரியவரிடமிருந்து போன் வந்தது. “தம்பி, நான் சொன்னது அது இல்லையே.”

பதிவைத் திரும்பக் கேட்டேன். 31:33-இல் என் கேள்வி இருக்கிறது: “வீணைக்குப் பலா மரம் மட்டும்தானா ஐயா?” அவர் சொன்ன பதில் இது, இதில் குடம் என்பது வீணையின் உருண்டையான பகுதி:

“பலாவ விட்டா வேற மரமே கிடையாதுன்னு எங்க அப்பா காலத்துல சொல்வாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா மரம் எதுங்கறத விட, எத்தன வருஷம் காஞ்ச மரம்ங்கறதுதான் முக்கியம். பச்ச மரத்துல குடம் குடைஞ்சா விரிசல் விட்டுரும்.”

அவர் மறுத்த கருத்தையே அவர் வாயில் வைத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். ‘கிடையாதுன்னு’ என்பதில் ‘ன்னு’வை உதறிவிட்டேன், அவ்வளவுதான் நடந்தது. தமிழில் வாக்கியத்தின் சாவி கடைசியில் தொங்குகிறது. சொன்னது யார், நம்பியது யார், உண்டா இல்லையா, எல்லாம் முடிவில்தான் தெரியும். பாதியில் நிறுத்தினாலும் அது முழு வாக்கியம் போலவே ஒலிப்பதுதான் ஆபத்து. ‘ன்னு’ மட்டுமல்ல, ‘னா’, ‘ஆம்’, ‘மாதிரி’, ‘ங்கறது தப்பு’ என்று வால்கள் நிறைய உண்டு.

காதால் இதைக் கண்டுபிடிக்கலாம். வாக்கியம் உண்மையில் முடியும்போது பெரும்பாலும் குரல் இறங்கும், மூச்சு விழும். வால் இன்னும் பாக்கி இருந்தால் குரல் அந்தரத்தில் நிற்கும், கடைசி எழுத்து அடுத்த எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எடிட்டரில் அலைவடிவத்தைப் பார்த்தாலும் அங்கே பள்ளம் இருக்காது. பள்ளம் இல்லாத இடத்தில் வெட்டத் தோன்றினால் கையை எடுத்துவிடுங்கள். பள்ளம் இருந்தாலும், வெட்ட நினைக்கும் இடத்துக்கு அப்புறம் இன்னொரு 30 விநாடி கேட்டுவிட்டு வெட்டுங்கள். ‘ஆனா’ என்ற சொல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இந்தப் பதிலில் நான் எடுத்திருக்க வேண்டியது 31:33 முதல் 32:11 வரை, 38 விநாடி. நடுவில் வந்த இருமலையும் ஒரு சின்னக் கிளைக்கதையையும் எடுத்துவிடலாம். ‘நெனச்சேன்’னுக்கும் ‘ஆனா’வுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் தொடக்கூடாது. அவர் மனம் மாறியது அந்த ஒரு விநாடி மௌனத்தில்தான் கேட்கிறது. மௌனங்களைத் தானாக நீக்கும் வசதியை ஓட்டிவிட்டால் முதலில் போவது இதுதான்.

தொடக்கத்தில் செய்யும் தவறு வேறு மாதிரி. நம் பேச்சில் எழுவாயை விட்டுவிடுவது சகஜம். கேள்வியில் பெயர் வந்துவிட்டதால் பதில் ‘அது’, ‘அவரு’, ‘அதெல்லாம்’ என்று தொடங்கும். இதே பேட்டியில் இன்னோரிடத்தில் அவர் சொல்கிறார்: “அத வெயில்ல கார்ல வச்சா போச்சு, இளகிரும்.” முழுப் பேட்டி கேட்டவருக்கு அது, தந்திகளுக்குக் கீழே வரிசையாக இருக்கும் மெட்டுகளைப் பதிக்கும் மெழுகு என்று தெரியும். வீணையின் 24 மெட்டுகளும் கரித்தூள் கலந்த மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சூட்டில் மெழுகு இளகினால் மெட்டு நகரும், சுருதி போகும். ஆனால் கிளிப்பை மட்டும் பார்ப்பவருக்கு எது இளகும் என்று எப்படித் தெரியும்? அவர் அடுத்ததற்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

இதற்கு என் கேள்வியையும் சேர்த்தே வெட்டலாம். கேள்வி வளவளவென்று இருந்தால் (என் கேள்விகள் பெரும்பாலும் அப்படித்தான்) அதைச் சுருக்கிப் படத்தின் மேலே எழுத்தாகப் போடலாம்: ‘வீணையை வெயிலில் வைத்தால் என்ன ஆகும்?’ இதைவிட நல்ல வழி பதிவின்போதே இருக்கிறது. “ஐயா, கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லுங்க” என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டால், “வீணைய வெயில்ல வச்சா…” என்றே தொடங்குவார். அப்புறம், கிளிப்பின் தலையில் மூன்று விநாடி லோகோவும் இசையும் வைப்பதை விட்டுவிடுங்கள். நம்மைத் தெரியாத ஒருவர் நம் லோகோவுக்காகக் காத்திருக்க மாட்டார்.

வெட்டும் கருவியிலும் ஒரு கண்ணி உண்டு. ffmpeg பயன்படுத்துகிறவர்கள் வேகமாக முடியும் என்று இப்படிச் செய்வார்கள்:

```
ffmpeg -ss 00:31:33 -to 00:32:11 -i ep.mp4 -c copy clip.mp4
```

`-c copy` என்றால் படத்தைத் திரும்பக் குறியாக்காமல் அப்படியே நகலெடுப்பது. அப்போது வீடியோ கீஃபிரேம், அதாவது முழுப் படமாகச் சேமித்த சட்டம், இருக்கும் இடத்திலிருந்துதான் தொடங்க முடியும். நீங்கள் கேட்ட விநாடிக்கு முன்னாலிருந்தே ஓடலாம்; சில பிளேயர்களில் முதல் ஓரிரு விநாடி படம் உறைந்து குரல் மட்டும் வரலாம். உங்கள் கணினியில் சரியாக ஓடியது, ஏற்றிய பிறகு உதடும் குரலும் ஒட்டவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். திரும்பக் குறியாக்கினால் சரியாகும்:

```
ffmpeg -ss 00:31:33 -to 00:32:11 -i ep.mp4 \
  -c:v libx264 -crf 18 -c:a aac clip.mp4
```

சரி, வீடியோ இல்லாமல் குரல் மட்டும் இருந்தால்? அதற்குத்தான் ஆடியோகிராம்: ஒரு படம், அதன் மேல் குரலோடு ஆடும் அலை, கீழே வசன வரிகள். நியூயார்க்கின் பொது வானொலியான டபிள்யூ.என்.ஒய்.சி 2016-இல் இதற்கான தன் நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. வீடியோ பரவும் இடங்களில் ஒலிக்கோப்பு பரவவில்லை, அதனால் ஒலிக்கு ஒரு வீடியோ சட்டை போட்டார்கள். அந்தக் காரணத்தை மறந்துவிட்டு அலை ஆடினால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. பேருந்திலும் வரிசையிலும் நிற்பவர் போனைச் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார். அவருக்கு அலை என்பது ஆடும் கோடு மட்டுமே. எழுத்துதான் அவரை நிறுத்தி ஒலியைப் போட வைக்கும். அலையைச் சின்னதாக ஓரத்தில் வையுங்கள், இடத்தை எழுத்துக்குக் கொடுங்கள். கேமரா பதிவு கையில் இருந்தால் ஆடியோகிராமே வேண்டாம். பேசும் முகத்துக்கு ஈடாக எந்த அலையும் இல்லை.

வசன வரிகளை உடைப்பதிலும் அதே பழைய சிக்கல்தான். தமிழ்ச் சொற்கள் நீளம், ஒரு திரைக்கு இரண்டு வரிதான் தாங்கும். தானியங்கி உடைப்பு எழுத்தை எண்ணி உடைக்கும், பொருளைப் பார்க்காது. “பலாதான் வேணும்ங்கறது உண்மை” என்று ஒரு திரை. அது மறைந்த பிறகு “இல்ல” என்று அடுத்த திரை. சத்தமில்லாமல் பார்ப்பவர் முதல் திரையோடு நகர்ந்துவிட்டால் என் அட்டை செய்த அதே வேலையை வசன வரியும் செய்துவிடும். ‘இல்ல’, ‘கிடையாது’, ‘ன்னு சொல்வாங்க’ ஆகியவை தாம் சேரும் சொல்லோடு ஒரே திரையில் இருக்க வேண்டும். அதற்காக முன்னால் இருக்கும் வரியைச் சீக்கிரமே உடைத்துக்கொள்ளுங்கள்.

தானாக எழுதித் தரும் வசனத்தை அப்படியே நம்பவும் முடியாது. எனக்குக் ‘காஞ்ச மரம்’ என்பது ‘காஞ்சி மரம்’ என்று வந்தது. சிரித்துவிட்டுத் திருத்தினேன். மெழுகு மெலுகானதை இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் கண்டேன்.

செங்குத்து வீடியோவில், அதாவது 1080-க்கு 1920-இல், வசனத்தை அடியில் வைக்காதீர்கள். ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் கீழே கணக்கின் பெயரும் தலைப்பும், வலப்பக்கம் பொத்தான்களும் உட்கார்ந்துவிடும். கீழ்க் கால்பாகத்தைக் காலியாக விட்டு, நடுவுக்குச் சற்றுக் கீழே எழுதினால் தப்பிக்கலாம். ஏற்றுவதற்கு முன் ‘கொ’, ‘கெ’ போன்ற எழுத்துகள் வரும் ஒரு வரியையும் நிறுத்திப் பாருங்கள். மென்பொருள் தமிழை ஒழுங்காகக் கோக்காவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். எழுத்துரு யூனிகோடாக இருந்தும் இப்படி வந்தால் குறை மென்பொருள் எழுத்துகளைக் கோக்கும் விதத்தில்தான் இருக்கும். பிரீமியர், ஃபோட்டோஷாப் போன்றவற்றில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை மாற்றிவிட்டுப் பாருங்கள்.

மேற்கோள் அட்டைக்குத் திரும்புகிறேன், சூடு பட்டவன் என்ற முறையில். பேச்சை எழுத்தாக்கும்போது எவ்வளவு திருத்தலாம் என்பதில் ஆளாளுக்கு ஒரு கருத்து உண்டு. நான் இப்போது பின்பற்றுவது இது: கிளிப்பின் வசன வரியில் அவர் பேசியது பேசியபடியே, ஏனென்றால் காதும் கண்ணும் ஒன்றையொன்று சரிபார்க்கும். அட்டையில் ஒலி இல்லை, அதனால் ‘விட்டுரும்’ என்பதை ‘விட்டுவிடும்’ ஆக்கலாம். ஆனால் ‘காஞ்ச மரம்’ என்பதை ‘நன்கு பதப்படுத்தப்பட்ட மரம்’ ஆக்கக்கூடாது. ‘நன்கு’ அவர் சொல்லாதது. ‘பதப்படுத்துவது’ வேறு வேலையாகவே இருக்கலாம். இடையில் ஏதாவது விட்டால் மூன்று புள்ளி வேண்டும். பத்தாவது நிமிடத்தில் சொன்னதையும் நாற்பதாவது நிமிடத்தில் சொன்னதையும் ஒரே மேற்கோள் குறிக்குள் ஒட்டுவது, மூன்று புள்ளி போட்டாலும் ஏமாற்றுதான்.

நல்ல அட்டைக்கு 15 சொல்லுக்கு மேல் தேவைப்படுவதில்லை. இந்தப் பேட்டியின் சரியான அட்டை என் கண்ணெதிரே இருந்தது: “மரம் எது என்பதைவிட, எத்தனை வருஷம் காய்ந்த மரம் என்பதுதான் முக்கியம்.” வாலும் தலையும் உள்ள வாக்கியம், முன்பின் எதுவும் தேவையில்லை. ‘பலாவை விட்டால் வேறு மரமே கிடையாது’ என்பதைவிடச் சூடு குறைவு என்பதால் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

கடைசியாக, இதையெல்லாம் பார்த்தவர் முழுப் பேட்டிக்கு வர வழி வேண்டுமே. ‘முழுவதும் கேட்க பயோவில் லிங்க்’ என்று எழுதி, அங்கே போனால் நிகழ்ச்சியின் முகப்பு. அதில் எந்தப் பேட்டி என்று அவர் தேட வேண்டும். பேட்டியின் பெயரைப் படத்திலேயே எழுதுங்கள். யூடியூபில் இருந்தால் அந்த நொடிக்கே போகும் இணைப்பைக் கொடுங்கள். முகவரியில் ஏற்கெனவே `?` இருந்தால் அதன் முடிவில் `&t=1875` என்றும், இல்லாவிட்டால் `?t=1875` என்றும் சேர்த்தால் 31:15-இல் தொடங்கும். கிளிப்புக்குச் சில விநாடி முன்னால் கொண்டுபோய் விடுவது வேண்டுமென்றேதான். கேட்டதையே உடனே திரும்பக் கேட்காமல் பேச்சின் போக்கில் ஏறிக்கொள்வார்.

பழைய அட்டையை எடுத்துவிட்டு, திருத்தம் என்று சொல்லியே புதியதைப் போட்டேன். இந்தத் தடவை போடுவதற்கு முன் அட்டையையும் 38 விநாடிக் கிளிப்பையும் பெரியவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரவு ஒரு குரல் செய்தி வந்தது. அட்டை சரி என்றார். வசன வரியில் மட்டும் ‘குடம் கடைஞ்சா’ என்று இருக்கிறதாம். “கடையறது தயிரு தம்பி. குடம் குடையறது.”