லே போய் இறங்கிய முதல் நாள் செய்யும் தவறு

டெல்லியிலிருந்து விடியற்காலை விமானத்தில் ஏறினால், இரண்டு மணி நேரத்துக்குள் லடாக்கின் லே நகரில் இறங்கிவிடலாம். உயரம் சுமார் 3,500 மீட்டர், ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு. இறங்கியதும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பளிச்சென்ற வெயில், குளிர்ந்த காற்று. "நமக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று அன்று மாலையே சாந்தி ஸ்தூபிப் படிகளில் ஏறுவார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் உயர நோய் உடனே வராது. பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலையைக் காட்டும். முதல் இரவு தலைவலி, குமட்டல், துண்டு துண்டான தூக்கம்.

லேயிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைகிறது. ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சு விடுகிறது. அதில் கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது, அதுவே மூச்சின் வேகத்துக்குத் தடை போடுகிறது. சிறுநீரகம் இதைச் சரிசெய்ய சில நாட்கள் ஆகும். அசெட்டசோலமைடு மாத்திரை இந்த வேலையைத்தான் விரைவுபடுத்துகிறது. அதைப் பயணத்துக்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

தினமும் ஜிம்முக்குப் போகிறவருக்கும் இது வரும். சொல்லப்போனால் அவர்தான் முதலில் ஓடியாடி மாட்டிக்கொள்வார்.

ஒருவருக்கு இரவு மூன்று மணிக்கு வாந்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் பாராசிட்டமால் போட்டதும் தலைவலி குறைகிறது. கார் பதிவு செய்தாயிற்றே என்று பாங்காங் ஏரிக்குக் கிளம்புகிறார். மாத்திரையில் தவறில்லை, வலி மறைந்ததை நோய் தீர்ந்ததாக எடுத்துக்கொண்டதுதான் தவறு. ஏரி 4,200 மீட்டருக்கு மேல். அங்கே இரவு தங்கினால் நிலைமை மோசமாகலாம். அப்போது லேக்குத் திரும்புகிற வழக்கமான பாதை 5,000 மீட்டருக்கு மேலுள்ள சாங் லா கணவாயைத் தாண்டித்தான் வருகிறது. அதாவது, கீழே இறங்க முதலில் இன்னும் மேலே ஏற வேண்டும்!

அறிகுறி இருக்கும்வரை லேயிலேயே இருங்கள். இல்லாவிட்டாலும் இரண்டு நாள் மெதுவாக நடந்து, மதுவையும் தூக்க மாத்திரையையும் விட்டுவிடுங்கள்.

இரண்டு அடையாளங்களுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமல் வந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். தரையில் ஒரு கோட்டின்மேல் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். இரண்டிலும் உடனே ஆக்சிஜன், மருத்துவமனை, அப்புறம் முதல் வாய்ப்பிலேயே கீழே. லேயிலிருந்து அது பெரும்பாலும் விமானம்தான்.