நாட்டுக்கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்து: எப்போது, எப்படி

மியான்மரில் தட்டோன் பக்கம் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு இருபது, முப்பது கோழி நிற்கும். பருவம் மாறும்போது பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, ஒரே வாரத்தில் கூண்டே காலியாகிவிடும். ராணிக்கெட் என்கிற இந்த வெள்ளைக்கழிச்சலுக்கு வைத்தியம் கிடையாது. தடுப்பு மருந்து மட்டும்தான் உண்டு.

முதலில் கால அட்டவணை. குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, 28ஆம் நாள் இன்னொரு சொட்டு. தாய்க்கோழியிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் சொட்டின் வேலையை ஓரளவு மட்டுப்படுத்திவிடும், அதனால் இரண்டாவதைத் தவறவிடவே கூடாது. அதன்பின் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, எல்லாக் கோழிக்கும். நான் மாசி, ஆனி, ஐப்பசி என்று வைத்திருக்கிறேன், மறக்காது. குஞ்சுக்கும் சேவலுக்கும் அளவு ஒன்றுதான். அம்மைக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தனி மருந்து. அதை இறக்கைச் சவ்வில் ஊசியால் குத்த வேண்டும், கண்ணில் விடக் கூடாது. குத்திய இடத்தில் ஒரு வாரம் கழித்துச் சின்னப் பொருக்கு தெரிந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

எந்த மருந்து? லசோட்டா நல்ல மருந்து, ஆனால் ஐஸ் பெட்டியை விட்டு வெளியே இருந்தால் சீக்கிரம் செத்துப்போகும். ஆஸ்திரேலியாவில் உருவாக்கி, கிராமக் கோழிகளுக்கென்று இங்கே கொண்டுவந்த ஐ-2 சூட்டை ஓரளவு தாங்கும். கரண்ட் நிச்சயமில்லாத ஊருக்கு நான் ஐ-2 என்றுதான் சொல்வேன். அதையும் ஈரத்துணி சுற்றி நிழலில்தான் கொண்டுவர வேண்டும்.

பலருக்கும் தவறுகிற இடம் கலக்குவதுதான். குப்பியில் 100 கோழிக்கு என்று எழுதியிருக்கும். எத்தனை மில்லி கலக்க வேண்டும் என்பது உங்கள் சொட்டுக்குப்பியைப் பொறுத்தது. ஆகவே மருந்தைத் திறப்பதற்கு முன்பே, சிரிஞ்சில் 1 மில்லி தண்ணீர் எடுத்துச் சொட்டுக்குப்பியில் விட்டு, நேராகக் கவிழ்த்துப் பிடித்து எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணுங்கள். 25 விழுந்தால் 100 சொட்டுக்கு 4 மில்லி வேண்டும். 30 விழுந்தால் 3.3 மில்லி போதும். அதே குப்பியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டு சிறுத்து 40 கூட விழும். 4 மில்லி கலந்துவிட்டுச் சாய்த்துப் பிடித்தால் 160 சொட்டு வரும். ஒவ்வொரு கோழிக்கும் முக்கால் அளவு மருந்துகூடப் போய்ச் சேராது. கோழிக்கு மருந்து போட்டும் செத்தது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, குப்பியை எப்படிப் பிடித்தீர்கள் என்பதைத்தான்.

கலக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தியதும், உள்ளே வெற்றிடம் இருப்பதால் நீரைக் குப்பி தானாகவே உறிஞ்சும். உறிஞ்சவில்லை என்றால் காற்றுப் புகுந்திருக்கிறது. அந்தக் குப்பி வேண்டாம். கூடவே தரும் கரைசலே நல்லது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் மருந்தைக் கொன்றுவிடும். குலுக்காமல் மெதுவாக உருட்டிக் கரையுங்கள்.

இனி சொட்டு விடுவது. விடிவதற்கு முன், கோழி கூண்டில் இருக்கும்போதே பிடித்துவிடுங்கள். ஒருவர் உடலையும் இறக்கையையும் அணைத்துப் பிடிக்க, மற்றவர் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து ஒரு கண் வானம் பார்க்கும்படி வைக்க வேண்டும். குப்பியை நேராக, கண்ணைத் தொடாமல் ஒரு விரல் கனத்துக்கு மேலே பிடித்து ஒரு சொட்டு. கோழியை உடனே விட்டுவிடாதீர்கள். சொட்டு கண்மேல் கண்ணாடி மாதிரி பரவி நிற்கும். கோழி ஒருமுறை இமைத்ததும் உள்ளே இறங்கிவிடும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியில்தான் எதிர்ப்புச் சக்தி உருவாகத் தொடங்குகிறது, அதனால் அது இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். தலையை உதறிச் சிந்திவிட்டால் மறுபடி ஒன்று விடலாம், கெடுதல் இல்லை.

லசோட்டாவைக் கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். முப்பது கோழிக்காக ஒரு குப்பியைத் திறப்பதைவிட, பக்கத்து மூன்று வீட்டையும் சேர்த்து ஒரே காலையில் போடுவது மேல். மிச்சத்தைக் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். வேலை முடியும்வரை உங்கள் கண்ணைக் கசக்காதீர்கள். இது உயிருள்ள கிருமி, மனிதர் கண்ணும் சில நாள் சிவந்து உறுத்தும்.

பின்சேர்க்கை: பக்கத்து வீட்டில் கோழி சாகிறது, இப்போது போடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பாதுகாப்பு வர ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். உங்கள் கூண்டில் ஏற்கெனவே ஒன்று சோர்ந்து நின்றால் மருந்து அதைக் காப்பாற்றாது, பிடித்துப் பிடித்து உங்கள் கையே நோயை மற்றதற்குக் கொண்டுபோகும். எல்லாம் துறுதுறுவென்று இருந்தால் இன்றே போடுங்கள், இரண்டு வாரம் வெளியே விடாதீர்கள். பறவைக் காய்ச்சலுக்கு இந்த மருந்து உதவாது. திடீரென்று மொத்தமாகச் செத்தால் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.