ஆடியில் எடுங்கள் மணப்பெண் படங்கள்

மணப்பெண் அலங்காரத் தொழிலில் புதிதாக இறங்கியவர்கள் மாதிரிப் படங்களை ஆடியிலோ மார்கழியிலோ எடுத்துக்கொள்ளலாம். முகூர்த்தம் இல்லாத மாதங்கள் என்பதால் புகைப்படக்காரருக்கும் வேலை குறைவு. வாடகை நகைக் கடைகளிலும் பேரம் படியும். தொழில் தொடங்கும் புகைப்படக்காரர், மாடல் இருவருக்கும் படங்கள் தேவைதான். அதனால் யாரும் யாருக்கும் பணம் தராமல், படங்களை மூவரும் பயன்படுத்திக்கொள்வதாகப் பேசலாம். மாடலுக்குப் போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எத்தனை படங்கள், எந்தத் தேதிக்குள், எங்கெல்லாம் வெளியிடலாம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி மூவரும் ஒப்புக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் படங்கள் மாதக்கணக்கில் வராது.

ஒரே நாளில் இரண்டு தோற்றங்கள் போதும். முதலில் பின்னலும் பூவுமாக முகூர்த்தத் தோற்றம். பிறகு சடையை அவிழ்த்து, கண்ணையும் உதட்டையும் மட்டும் அடர்த்தியாக்கினால் வரவேற்புத் தோற்றம். அடர்த்தியிலிருந்து மென்மைக்கு வருவதானால் முகத்தை முழுக்கத் துடைக்க வேண்டும், தோல் சிவந்துவிடும்.

ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தாலும், ஃபிளாஷிலும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சன்ஸ்கிரீன் கலந்த ஃபவுண்டேஷன் என்றால் கழுத்தைவிட முகம் வெளுத்துத் தெரியக்கூடும். மண்டபத்தில் ஃபிளாஷ்தானே!

கண், நெற்றி நெருக்கப் படங்களில் சிலவற்றைத் தோலை மெருகேற்றாமல் கேட்டு வாங்குங்கள். மணப்பெண்ணின் அம்மா உற்றுப் பார்ப்பது அவற்றைத்தான்.