பட்ஜெட்டைத் தொடாதீங்க, பக்கத்தில் ஒரு காலாண்டைச் சேருங்க

ஆண்டு பட்ஜெட்டுக்குப் பக்கத்திலேயே நகரும் கணிப்பு, அதாவது rolling forecast, ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் முடிந்த காலாண்டுக்கு உண்மைக் கணக்கைப் போட்டுவிட்டு, கடைசியில் புதிதாக ஒரு காலாண்டைச் சேர்த்துவிடுங்கள். எப்போதும் அடுத்த நாலு காலாண்டு கண்முன்னால் இருக்கும். எல்லா வரியையும் திருத்த வேண்டாம், லாபத்தை ஆட்டுகிற மூன்று நான்கு எண்களை மாற்றினால் போதும். திருப்பூர் பனியன் யூனிட் என்றால் நூல் விலை, ஆர்டர் அளவு, டாலர் மதிப்பு.

உதாரணத்துக்கு, பட்ஜெட்டில் நூல் கிலோ 250 ரூபாய், காலாண்டுக்கு 20,000 கிலோ. ஜூனில் விலை 280 ஆகிவிட்டது. ஆண்டு பட்ஜெட்டை மட்டும் வைத்திருந்தால் மாதாமாதம் 2 லட்சம் கூடுதல் செலவு என்று காட்டும், அதுவும் மார்ச்சோடு நின்றுவிடும். நகரும் கணிப்பில் ஜூலையிலேயே அடுத்த நாலு காலாண்டுக்கு 24 லட்சம் என்று தெரியும், அடுத்த சீசனுக்கு விலை சொல்வதற்கு முன்பே. இதுதான் விஷயம்.

பழைய பட்ஜெட்டை அழித்துவிடாதீர்கள், பக்கத்து நெடுவரிசையில் அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் இலக்கைத் தவறவிட்டவர்கள் கணிப்பைக் குறைத்துக்கொண்டே போய் கடைசியில் எல்லாரும் ஜெயித்த மாதிரி இருக்கும்!

வாடகை, கடன் தவணை, சம்பளம் மாதிரி பெரிதாக மாறாத செலவுதான் அதிகம் என்றால் இது வீண் வேலை. அப்புறம், காலாண்டுக் கணக்கை முடிக்கவே ஒன்றரை மாதம் ஆகிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.